உள்ளே வந்தவரை அறிவிக்காத சர்வர்

2024 செப்டம்பர் 25, புதன்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு அது தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிலிருப்பதற்குக் காரணம் நானே எழுதிய ஒரு வரி. சர்வர் ஓடத் தொடங்கியதும் அந்தக் கணத்தின் நேரத்தைத் திரையில் அச்சிடும்படி நிரலில் சேர்த்திருந்தேன். "13:40. காத்திருக்கிறது" என்று அது அச்சிட்டது.

இப்போது நான் முதுகலையில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். அப்போது ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. நெட்வொர்க்ஸ் லேபின் கடைசிப் பயிற்சி, சாக்கெட் எனப்படும் இணைப்பு முனையைக் கொண்டு ஒரு சாட் புரோகிராம் எழுதுவது. இருவர் இருவராகச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வில் மட்டும் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும்.

எனக்கு இணையாக வாய்த்தவள் பூந்தமல்லிக்காரி. அப்பாவை அத்தா என்றும் அம்மாவை அம்மி என்றும் சொல்வாள். அவளுடைய அத்தா அங்கே லேத் பட்டறை வைத்திருந்தார். நாள் முழுவதும் இரும்பு சீவும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசி வளர்ந்தவள் என்பதால் லேபிலும் அவளுக்கு மெல்லப் பேச வராது. எனக்கு உரக்கப் பேச வராது. ஆசிரியர் எங்களைச் சேர்த்துவிட்டதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

சர்வரை நான் எழுதினேன், கிளையண்டை அவள் எழுதினாள். சர்வரின் வேலையைச் சொல்வது எளிது. ஒரு கணினியில் ஐயாயிரம் என்ற போர்ட் எண்ணில் அது காத்துக்கொண்டிருக்கும். வேறொரு கணினியில் இயங்கும் கிளையண்ட் அந்த முகவரியையும் எண்ணையும் சொல்லித் தொடர்பு கேட்டால் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சாக்கெட் பிறக்கும். அதை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, அவரிடமிருந்து வருவதைக் கேட்பதற்கென்றே த்ரெட் என்கிற தனி ஓட்டம் ஒன்றை ஒதுக்கிவிட்டு, அடுத்தவருக்காக மறுபடியும் காத்திருக்கும். யார் எது அனுப்பினாலும் அனுப்பியவரைத் தவிர்த்துப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அதைக் கொடுத்துவிடும்.

நான் அதில் மிகுந்த கவனம் செலவழித்தேன். டி.சி.பி. என்ற தொடர்பு விதிமுறை வழியே அனுப்பும் பைட்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேரும். ஆனால் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வரலாம், ஒரே செய்தி இரண்டாக உடைந்தும் வரலாம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால், உடையும் இடம் ஒரு எழுத்தின் நடுவிலேயே அமைந்துவிடக் கூடும். வகுப்பில் மற்றவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியவில்லை. நான் தமிழிலேயே அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எனவே ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு வரிமுடிவுக் குறியை வைத்து, அந்தக் குறி வந்து சேரும்வரை பைட்டுகளைத் திரட்டி வைத்து, வரி முழுமையான பிறகே எழுத்தாக மாற்றினேன். கறுப்புத் திரையில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தெரிந்ததால், அவளுடைய கிளையண்டுக்குச் சிறிய சன்னல் ஒன்றும் செய்து கொடுத்தேன். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.

அதற்கு முந்தைய வாரமே அவள் ஒன்று கேட்டிருந்தாள்.

"ஏன்டி, புதுசா ஒருத்தர் உள்ள வந்தா உன் சர்வர் சொல்லாதா? இன்னார் வந்துக்கீறாருன்னு?"

"அது தேவையில்லை. பேச்சுக்கு நடுவில் இடைஞ்சலாக இருக்கும்."

"வீட்டுக்கு ஆள் வந்தா யார்னு பாக்க மாட்டியா நீ?"

"வினாவில் அது கேட்கப்படவில்லை" என்றேன்.

அவள் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு ஆள் வருவது பற்றி அவள் பேசியதில் எனக்குச் சங்கடம் இருந்தது. அதன் காரணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில், பருத்திப்பட்டு நிறுத்தத்துக்கு எதிரே நான்கு பிளாக்குகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பெரும்பாலும் ஐ.டி. வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். காலையில் அவள் வரும் பேருந்தில் நான் அந்த நிறுத்தத்தில் ஏறுவேன். முதலாம் ஆண்டில், "எங்க இருக்க?" என்று யாரோ கேட்டபோது, "அந்த ஃப்ளாட்ஸ்தான்" என்று கைகாட்டினேன். அதில் பொய் எதுவுமில்லை. நாங்கள் அங்கேதான் இருந்தோம். அப்பா அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன். பி பிளாக்கின் கீழே, பம்ப் அறைக்குப் பக்கத்து அறையில் அப்பா, அம்மா, நான், தங்கை. சொற்களை இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த என்னிடம் அதற்கு மேல் எவரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகள் அப்படியே போயின.

உண்மை தெரிந்தவன் வகுப்பில் ஒருவன் மட்டும் இருந்தான். அவன் பி பிளாக்கில் மூன்றாம் மாடி. அவர்கள் வீட்டுக் காரைக் காலையில் துடைப்பதும் அப்பாதான். கல்லூரியில் அவனும் நானும் ஒரு முறைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் காரணமில்லாத கோபம் வரும்.

புதன்கிழமைக்கு வருகிறேன். எங்கள் லேபில் கணினிகள் சுவரை ஒட்டி வரிசையாக இருக்கும். நான் சன்னல் பக்கச் சுவரைப் பார்த்தபடி, அவள் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தபடி. இருவர் முதுகுக்கும் நடுவே அறையின் அகலம் முழுவதும். புரொஜெக்டர் திரையும் ஆசிரியரின் மேசையும் எனக்குப் பின்னால் இடதுபுறம். ஒவ்வொரு மானிட்டரின் மேலும் அந்தக் கணினியின் ஐ.பி. முகவரி சீட்டாக ஒட்டியிருக்கும். முடித்த நிரல்களை எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் போட்டுவைப்பது லேபின் வழக்கம்.

லேப் ஆசிரியர் வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"தமிழ்லயே வருதே. உடையலையா?"

"உடையாது மேடம்."

"சரி, ரெண்டு பேரும் நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்க. எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பார்க்கணும்" என்றவர், மானிட்டரில் இருந்த சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சர்வர் ஓடிய என் கணினியிலேயே நானும் ஒரு கிளையண்டைத் திறந்துகொண்டேன். பேசத் தொடங்கினோம். முதலில் சாம்பார் சாதம், பேருந்து, வெள்ளிக்கிழமைத் தேர்வு. பிறகு அவள் அனுப்பினாள்:

"தேர்வுக்கு முன்னாடி ஒரு தடவை ரெண்டு லேப்டாப்ல தனியா எழுதிப் பாக்கணும். எங்க வீட்ல பட்டறைச் சத்தம். நாளைக்குக் காலைல உங்க ஃப்ளாட்டுக்கு வரேன்."

"வேண்டாம்" என்று அனுப்பினேன்.

"எப்பவும் இதான் சொல்ற. எங்க வீட்டுக்கும் வர மாட்ட. அம்மி மூணு தடவை கேட்டாங்க. நான் உனக்கு இன்னாடி செஞ்சேன்?"

நேரில் கேட்டிருந்தால் நான் வழக்கம்போல எதையாவது சொல்லிக் கடந்திருப்பேன். திரையில் அந்த வாக்கியம் அசையாமல் நின்றது. பின்னால், "எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க" என்ற ஆசிரியரின் குரல் கேட்டது. ஒவ்வொரு லேபிலும் அவர் அப்படிச் சொல்வார். எங்களை நிறுத்தாமல் பேசச் சொல்லியிருந்தார், ஆகவே நான் திரும்பவில்லை. இந்த வழியில் இரண்டு முனைகள் மட்டுமே இருந்தன, ஒன்றில் அவள், ஒன்றில் நான். அப்படித்தான் நம்பினேன். எழுதுவது எனக்கு எப்போதும் பேசுவதைவிட எளிது.

"நீ நினைப்பது போல நாங்கள் அங்கே வீடு வாங்கியவர்கள் அல்லர்" என்று அனுப்பினேன். "அப்பா அங்கே வாட்ச்மேன். பம்ப் அறைக்குப் பக்கத்து அறையில் நாலு பேர் இருக்கிறோம்."

பதில் வரவில்லை. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அடுத்ததையும் எழுதினேன். இன்றும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியாத வாக்கியம் அது.

"அப்பா கேட்டில் நுழைகிற எல்லாருக்கும் எழுந்து நின்று சல்யூட் வைப்பார். உனக்கும் வைத்துவிடுவார். அதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் உன்னை அழைக்கவில்லை."

எண்டரைத் தட்டினேன். அப்போதுதான் லேபில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். ஏ.சி.யின் இரைச்சல் தனியாகக் கேட்டது. யாரோ ஒருவன் மெல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அப்ப இனிமே நமக்கும் சல்யூட்டு உண்டு மாமே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

திரும்பினேன். ஆசிரியர் திரைக்கு முதுகைக் காட்டி வகுப்பைப் பார்த்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் அளவுக்குப் பெரிதாக அவளுடைய கிளையண்டின் சன்னல். அதாவது நான் செய்து கொடுத்த சன்னல். அவள் கேட்ட கேள்வி, அதன்பின் நான் அனுப்பியவை. ஓர் எழுத்துகூட உடையாமல் இருந்தன.

நடந்தது எனக்கு உடனே புரிந்தது. நன்றாக ஓடும் நிரல் என்று வகுப்புக்குக் காட்டுவதற்காக ஆசிரியர் பொது ஃபோல்டரிலிருந்து எங்கள் கிளையண்டை எடுத்துத் தம் கணினியில் ஓட்டி, என் சீட்டில் பார்த்த முகவரியை அதில் இட்டிருக்கிறார். என் சர்வர் அவரை ஏற்றுக்கொண்டது, பட்டியலில் சேர்த்தது, அதன்பின் வந்த ஒவ்வொன்றையும் அவருக்கும் கொடுத்தது. மூன்றாவதாக ஒருவர் வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லும்படி நான் எழுதவில்லை.

சர்வர் ஓடிய சன்னலை மூடினேன். பெரிய திரையில் "இணைப்பு முடிந்தது" என்று ஒரு வரி கூடுதலாக வந்தது. மேலே இருந்தவை அப்படியே இருந்தன. போய்ச் சேர்ந்துவிட்ட பைட்டுகளை எந்தச் சர்வரும் திருப்பி அழைக்க முடியாது.

எல்லாருடைய முகத்தையும் பார்த்த பிறகுதான் ஆசிரியர் திரும்பித் திரையைப் படித்தார். அவர் கை மவுஸைத் தேடியது. அதற்குள் வலது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க. எங்களுக்கு கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வருது. ரொம்ப நேரமா வருது மேடம்."

பி பிளாக்கில் இருப்பவன். நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். சர்வர் ஓடாத போர்ட்டைத் தட்டினால் வருகிற பிழை அது. அவனுடைய நிரல் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். சர்வரை அவனே நிறுத்திவிட்டு அழைத்திருக்கிறான். எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின, ஆசிரியர் திரையை வெறுமையாக்கிவிட்டு அவனிடம் போனார். சிரித்தவனைவிட அவன்தான் என்னை அதிகம் கூசவைத்தான். மூன்று ஆண்டுகளாக உதவி என்று உணராமலே நான் வாங்கிக்கொண்டிருந்த அவனுடைய தயவை எல்லார் முன்னாலும் மறுபடியும் வாங்கிக்கொண்டேன்.

லேப் முடிந்ததும் ஆசிரியர் என்னை நிறுத்தினார். "போடறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்மா. தப்பு என்னோடது" என்றார். பேனாவை மூடிக்கொண்டே, "புரோகிராம் நல்லா இருக்கு. யார் வர்றா, யார் போறான்னு மட்டும் சர்வர் சொல்லணும். வெள்ளிக்கிழமை வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்பார்" என்றார். தலையாட்டினேன். வேறு எதைப் பற்றியும் பேசாததற்கு நன்றி சொல்லத் தோன்றியது.

பேருந்தில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினாள்.

"எங்கத்தா கை பூரா ஆயில். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கையோடவே வான்னு கூப்பிடுவாரு. அத உன்கிட்ட சொல்லி சிரிச்சிருக்கேன்ல?"

"சொல்லியிருக்கிறாய்."

"அப்ப நீ உள்ளுக்குள்ள இன்னா நெனச்ச? சீ, இவ அத்தா இப்படியான்னு நெனச்சியா?"

"இல்லை."

"என் அத்தாவ நெனக்கல. உங்கப்பாவ மட்டும் நெனப்பியா?"

அதுவரை நான் அந்த அறையைப் பற்றித்தான் வெட்கப்படுவதாக எண்ணியிருந்தேன். சுண்ணாம்பு உதிரும் சுவர், மோட்டார் ஓடும்போது அதிரும் பாத்திரங்கள். லேப் திரையில் பெரிதாகத் தெரிந்ததில் அறையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மற்றது அப்பாவின் கையைப் பற்றியது.

பருத்திப்பட்டு வந்தது. நான் எழுந்தேன். "நாளைக்குக் காலைல ஆறரைக்கு இதே ஸ்டாப்புல எறங்குவேன்" என்றாள். "வேணாம்னா இப்பவே சொல்லிடு. அப்புறம் கேக்க மாட்டேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. இறங்கினேன்.

கேட்டருகே அப்பா நாற்காலியில் இருந்தார். உள்ளே நுழைந்த கார் ஒன்றுக்காக எழுந்து கையை உயர்த்தி, அது போனபின் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். வழக்கமாக நிற்காமல் போய்விடுவேன் என்பதால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலையில என் கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி வருவாப்பா."

"சரிம்மா. எந்த பிளாக்குக்கு?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. கேட்டுக்கு வருகிற யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி அது. என்னைத் தேடி அந்தக் கேட்டைத் தாண்டி வந்தவர்கள் யாருமில்லை, நான் யாரையும் அழைக்காததால்.

"நம்ம வீட்டுக்குப்பா" என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லு. பால் கூட வாங்கணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் வாசல்படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சர்வரைத் திறந்தேன். தொடர்பை ஏற்றுக்கொள்ளும் இடத்தில், புதியவரைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால், ஏற்கெனவே உள்ள அனைவருக்கும் "ஒருவர் உள்ளே வந்திருக்கிறார்" என்று அனுப்பும் வரியைச் சேர்த்தேன். எதிர்முனை மூடப்பட்டு வெற்றுப் பைட்டுகள் வரும் இடத்தில் "ஒருவர் போய்விட்டார்" என்பதை எழுதினேன். சில நிமிட வேலை. முந்தைய வாரம் அவள் கேட்டபோதும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

பிறகு கேட்டுக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். பி பிளாக்கிலிருந்து அவன் பைக்கில் வந்தான். அப்பா எழுவதற்குள் நான் போய்க் கதவைத் தள்ளித் திறந்தேன். வண்டியை மெதுவாக்கினான்.

"நேற்று உன் புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது" என்றேன். நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியம்.

"ஆமா" என்றான். "வரேன் அங்கிள்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போகிறான் என்பது அப்பாவின் தலையசைப்பில் தெரிந்தது.

பேருந்து நின்றது. அவள் தோளில் லேப்டாப் பையோடு சாலையைக் கடந்து வந்தாள். அப்பா காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கை பழக்கத்தால் நெற்றிக்குப் போயிற்று. என் காதுகள் சூடாயின. முந்தைய நாள் லேபில் இருந்ததைவிடக் குறைவாக இல்லை.

அவளும் விறைப்பாக நின்று, பையோடு சேர்த்துக் கையை உயர்த்தி அவருக்கொரு சல்யூட் வைத்தாள். "அங்கிள், உள்ள விடுவீங்களா? உங்க பொண்ணு மூணு வருஷமா விடல" என்றாள் பட்டறைக் குரலில். மேலே யாரோ பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் அவள் பையை வாங்கிக்கொண்டு, பம்ப் அறையைக் கடந்து, முன்னால் நடந்தேன். அம்மா பாயை விரித்திருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பாத்திரங்கள் அதிர்ந்தன. அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு லேப்டாப்பையும் சேர்த்து, சர்வரை ஓட்டி, முகவரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.